போலரைஸ்டு கூலிங் கிளாஸ்: மூன்றரை மணிக்கு மறையும் கண்கூச்சம் ஐந்தரை மணிக்கு ஏன் மறைவதில்லை?

மழை ஓய்ந்த சாலையில் மேற்கு நோக்கி பைக் ஓட்டுபவருக்கு இது பழகிய தொல்லை. தேங்கிய தண்ணீரில் சூரியன் பட்டுத் தெறிக்கும். அந்தப் பளபளப்புக்கு அடியில் இருப்பது வெறும் ஈரமா, அரை அடி பள்ளமா என்று தெரியாது. இதற்காகவே பலர் 'போலரைஸ்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கூலிங் கிளாஸை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் வாங்கியவர்கள் சொல்வது இரண்டு விதமாக இருக்கிறது. "போட்டதும் தண்ணீருக்குள்ள தரையே தெரியுது" என்கிறார் ஒருவர். "சாயங்காலம் போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை, ஏமாத்திட்டாங்க" என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே ரகக் கண்ணாடியைக்கூட வாங்கியிருக்கலாம். வித்தியாசம் கண்ணாடியில் இல்லை, சூரியன் நின்ற உயரத்தில் இருக்கிறது. ப்ளஸ் டூ இயற்பியல் பாடத்தில் வரும் இரண்டு விதிகள் போதும், இதை விளக்கிவிடலாம்.

தளவிளைவு என்றால் என்ன?

ஒளி ஓர் அலை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் அலை முன்னோக்கி ஓடும், கயிறோ மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஆடும். ஒளியிலும் அப்படித்தான். அது செல்லும் திசைக்குக் குறுக்கே மின்புலம் அதிர்கிறது. சூரியனிலிருந்தோ குண்டு பல்பிலிருந்தோ வரும் ஒளியில் இந்த அதிர்வுக்கு நிலையான திசை கிடையாது. மேல்-கீழ், இட-வலம், சாய்வு என்று எல்லாத் திசைகளும் சம அளவில் கலந்திருக்கும். அந்தக் கலவையிலிருந்து ஒரே ஒரு திசை அதிர்வு மட்டும் மிஞ்சினால், அந்த ஒளி தளவிளைவு அடைந்துவிட்டது என்கிறோம். 'போலரைஸ்டு' என்ற சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

மனிதக் கண்ணால் இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது என்றே சொல்லலாம். அதனால்தான் இது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1808-ல் பாரிஸில் எத்தியேன் லூயி மாலஸ் என்ற ராணுவப் பொறியாளர், கால்சைட் படிகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு லக்ஸம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களைப் பார்த்தார். மறையும் சூரியன் அந்த ஜன்னல் கண்ணாடிகளில் பிரதிபலித்துக் கொண்டிருந்தது. கால்சைட் வழியாக எதைப் பார்த்தாலும் இரண்டு பிம்பம் தெரியும். ஆனால் அன்று படிகத்தைச் சுழற்றியபோது, இரண்டு பிம்பங்களின் பிரகாசமும் மாறி மாறிக் குறைவதைக் கண்டார். கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளியில் ஏதோ மாறியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 'போலரைசேஷன்' என்ற பெயரை வைத்தவரும் அவர்தான்.

தண்ணீர் எப்படி ஒளியைப் பிரிக்கிறது?

தண்ணீர் மேல் ஒளி விழுந்தால் ஒரு பகுதி திரும்பி வரும், மீதி வளைந்து உள்ளே போகும். உள்ளே போகும் ஒளி தண்ணீர் மூலக்கூறுகளில் உள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் குட்டி ஆன்டெனா மாதிரி ஒளியைத் திரும்ப வெளியிடுகின்றன. நம் கண்ணுக்கு வரும் எதிரொளிப்பு இப்படி உருவாவதுதான்.

இந்த குட்டி ஆன்டெனாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தத் திசையில் ஆடுகிறதோ, அதே திசை நோக்கி அதனால் ஒளியை அனுப்ப முடியாது. பக்கவாட்டில்தான் அனுப்ப முடியும். தண்ணீர்ப் பரப்புக்கு இணையாக, அதாவது கிடைமட்டமாக ஆடும் எலக்ட்ரானுக்கு இதனால் சிக்கல் இல்லை. கண் இருக்கும் திசை அதற்கு எப்போதும் பக்கவாட்டில்தான் இருக்கும். மேல்-கீழாகச் சாய்ந்து ஆடும் எலக்ட்ரானுக்குத்தான் சிக்கல். திரும்பி வர வேண்டிய கதிரின் திசையும் அது ஆடும் திசையும் ஒன்றாகிவிட்டால், அந்த வகை ஒளி திரும்பி வரவே வராது.

அப்படி ஒன்றாவது எப்போது? உள்ளே போன கதிருக்கும் திரும்பி வந்த கதிருக்கும் இடையே சரியாக 90 டிகிரி இருக்கும்போது. அந்த நிலையைத் தரும் படுகோணத்துக்குத்தான் தளவிளைவு கோணம் என்று பெயர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ப்ரூஸ்டர் இதற்கான எளிய விதியை 1815-ல் வெளியிட்டார். சிறுவர்கள் சுழற்றி விளையாடும் கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்ததும் இவரே. விதி இதுதான்:

tan θ = n

இங்கே n என்பது ஒளிவிலகல் எண். θ பரப்பிலிருந்து அளக்கப்படுவதில்லை, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கப்படுவது. பரீட்சையிலும் பலர் சறுக்கும் இடம் இது. தண்ணீருக்கு n சுமார் 1.33 என்பதால் கோணம் சுமார் 53 டிகிரி. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு n சுமார் 1.5 என்பதால் கோணம் சுமார் 56 டிகிரி.

சரிபார்க்கவும் முடியும். 53 டிகிரியில் விழும் கதிர் தண்ணீருக்குள் சுமார் 37 டிகிரியில் வளைந்து போகும். 53-ம் 37-ம் சேர்ந்தால் 90.

ஏரிக்கரையில் ஒரு கணக்கு

இதை நேரில் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. குளக்கரையோ ஏரிக்கரையோ போதும். ஒருவரின் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீர்ப் பரப்பைப் பார்க்கிறார். 2-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1.33. அதுதான் தண்ணீரின் n. அதாவது அவர் சரியாக தளவிளைவு கோணத்தில் பார்த்துக் கொண்டிருக்கிறார்.

அந்த இடத்திலிருந்து அவர் கண்ணுக்கு வரும் பளபளப்பு முழுக்க முழுக்க கிடைமட்ட அதிர்வு மட்டுமே. அளவில் பார்த்தால் அது அதிகம் இல்லை, விழும் ஒளியில் 4 சதவீதம்தான். ஆனால் சூரியனிலோ பிரகாசமான வானத்திலோ 4 சதவீதம் என்பது, தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் மங்கலான வெளிச்சத்தை மூழ்கடிக்கப் போதுமானது. மீனும் கூழாங்கல்லும் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இப்போது போலரைஸ்டு கண்ணாடி உள்ளே வருகிறது. அதன் லென்ஸில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கும். ஒரே திசையில் இழுத்து நீட்டி, அயோடின் அல்லது சாயம் ஏற்றப்பட்ட ஃபிலிம் அது. நீட்டிய திசையில் மூலக்கூறுகள் சங்கிலிபோல வரிசையாக நிற்கும். அந்தத் திசையில் அதிரும் ஒளியை அவை விழுங்கிவிடும். அதற்குச் செங்குத்தாக அதிரும் ஒளி கடந்து போகும். கூலிங் கிளாஸில் இந்தச் சங்கிலிகள் கிடைமட்டமாக இருக்கும்படி வைக்கப்படுகின்றன.

ஜன்னல் கம்பிக்கு நடுவே கயிறு ஆடுவதுபோல இதை விளக்குவது வழக்கம். அந்த உதாரணம் தலைகீழான படத்தைத் தந்துவிடும். கம்பிக்கு இணையாக ஆடும் கயிறு தப்பிக்கும், ஆனால் சங்கிலிக்கு இணையாக அதிரும் ஒளி மாட்டிக்கொள்ளும்.

ஆக ஏரிக்கரையில் நிற்பவர் இந்தக் கண்ணாடியைப் போட்டால் இரண்டு மீட்டர் தூரத்தில் பளபளப்பு ஏறக்குறைய பூஜ்ஜியம். தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் இருப்பதால் அதில் பாதி வந்து சேரும். தரை தெரிகிறது.

தலையைச் சாய்த்தால் என்ன ஆகும்?

தளவிளைவு அடைந்த ஒளி இன்னொரு ஃபில்டருக்குள் போகும்போது எவ்வளவு வெளியே வரும்? இதற்கு விடை சொல்வது மாலஸ் விதி:

I = I₀ cos²θ

I₀ என்பது உள்ளே போகும் ஒளியின் செறிவு. I வெளியே வருவது. θ என்பது ஒளியின் அதிர்வுத் திசைக்கும் ஃபில்டர் அனுமதிக்கும் திசைக்கும் இடைப்பட்ட கோணம். ஏன் வர்க்கம்? அதிர்வின் வீச்சில் cos θ பங்குதான் ஃபில்டரின் திசையில் இருக்கும். செறிவு என்பது வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் cos-ம் வர்க்கமாகிவிடுகிறது.

தலை நேராக இருக்கும்போது பளபளப்பின் திசை கிடைமட்டம், லென்ஸ் அனுமதிப்பது செங்குத்து, இடையில் 90 டிகிரி. cos 90 பூஜ்ஜியம் என்பதால் எதுவும் வராது. தலையை 10 டிகிரி சாய்த்தால் கோணம் 80 ஆகும், 3 சதவீதம் நுழையும். பெரிதாகத் தெரியாது. 30 டிகிரி சாய்த்தால் கோணம் 60. cos 60 அரை, அதன் வர்க்கம் கால். பளபளப்பில் 25 சதவீதம் திரும்பி வந்துவிடும். 45 டிகிரி சாய்த்தால் பாதி வந்துவிடும்.

கவனிக்க வேண்டிய விஷயம், முதல் சில டிகிரிகளில் மாற்றம் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இருப்பது. அதனால்தான் பைக்கில் லேசாகத் தலை அசைந்தாலும் கண்ணாடி வேலை செய்கிறது, தோளில் தலை சாய்த்துப் பார்த்தால் கைவிடுகிறது.

மூன்றாவது கண்ணாடி செய்யும் வேடிக்கை

மாலஸ் விதியில் நம்ப முடியாத மாதிரி தோன்றும் ஒரு விளைவு உண்டு. இரண்டு போலரைஸ்டு லென்ஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்காக வைத்தால் இருட்டாகிவிடும். முதல் லென்ஸ் சாதாரண ஒளியில் பாதியை, அதாவது 100-ல் 50-ஐ விடும். இரண்டாவது அதை 90 டிகிரியில் சந்திப்பதால் பூஜ்ஜியம்.

இப்போது இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது லென்ஸ் ஒன்றை 45 டிகிரி சாய்வாகச் செருகினால்? இன்னும் இருட்டாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வெளிச்சம் வரும். முதல் லென்ஸ் விட்ட 50, நடு லென்ஸை 45 டிகிரியில் சந்திக்கிறது, பாதியாகி 25 ஆகிறது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. நடு லென்ஸைத் தாண்டி வரும் ஒளி பழைய திசையில் அதிர்வதில்லை, நடு லென்ஸின் திசையில் அதிர்கிறது. ஆகவே கடைசி லென்ஸை அது 90-ல் சந்திக்காமல் 45-ல் சந்திக்கிறது. மறுபடி பாதி, 12.5 வெளியே வருகிறது.

இது லட்சிய ஃபில்டருக்கான கணக்கு. நிஜ லென்ஸ்கள் நிறமும் ஏற்றப்பட்டவை என்பதால் வெளிச்சம் இதைவிடக் குறைவாகவே வரும். ஆனால் பாடம் அதேதான். தளவிளைவாக்கி என்பது வெறும் வடிகட்டி இல்லை. கடந்து போகும் ஒளியின் அதிர்வுத் திசையையே அது மாற்றிவிடுகிறது.

அப்படின்னா ஐந்தரை மணிக்கு என்ன சிக்கல்?

மறுபடியும் மழைச் சாலைக்கு வருவோம். தண்ணீரில் சூரியன் 53 டிகிரியில் விழ வேண்டுமானால் அது அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும். சென்னையில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களை எடுத்துக்கொண்டால், காலையில் எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள்ளும், மாலையில் மூன்றரை மணியை ஒட்டியும் சூரியன் அந்த உயரத்தில் இருக்கும். அப்போது தேங்கிய தண்ணீரின் பளபளப்பைக் கண்ணாடி முழுதாக வெட்டிவிடும்.

ஐந்தரை மணி வாக்கில் சூரியன் சுமார் 10 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. படுகோணம் இப்போது 80. இந்தக் கோணத்தில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, எதிரொளிப்பு கூடிவிடுகிறது. விழும் ஒளியில் 4 சதவீதம் திரும்பிய இடத்தில் இப்போது சுமார் 35 சதவீதம் திரும்புகிறது.

இரண்டாவது, திரும்பும் ஒளி ஒரே திசையில் அதிர்வதில்லை. கிடைமட்ட அதிர்வில் 46 சதவீதமும் மற்ற அதிர்வில் 24 சதவீதமும் திரும்புகின்றன. பளபளப்பை 100 பங்கு என்று வைத்தால் அதில் 66 பங்கு கிடைமட்டம், 34 பங்கு செங்குத்து வகை. கண்ணாடி 66-ஐத் தடுத்துவிடும், 34 உள்ளே வரும்.

மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதே, நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அதே கண்ணாடி சாலையிலிருந்து வரும் சாதாரண வெளிச்சத்தையும் பாதியாக, 100-லிருந்து 50-ஆகக் குறைக்கிறது. கண் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான். மூன்றரை மணிக்கு அந்த விகிதம் 50-க்கு பூஜ்ஜியம். ஐந்தரை மணிக்கு 50-க்கு 34. அதாவது சாலையோடு ஒப்பிட்டால் பளபளப்பு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. பள்ளம் இன்னும் மறைந்தே இருக்கலாம்.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் பைக் ஓட்டுநருக்கு மூன்றரை மணிப் பளபளப்பு இரண்டு மீட்டர் முன்னால், சக்கரத்தை ஒட்டியே விழும். ஐந்தரை மணிப் பளபளப்பு எட்டரை மீட்டர் முன்னால், கண் வைத்து ஓட்டும் இடத்திலேயே விழும். ஆக எந்த நேரத்தில் தொல்லை அதிகமோ, அந்த நேரத்தில்தான் கண்ணாடியின் உதவி குறைவு. இதைத் தெரிந்தவர் மாலையில் வேகத்தைக் குறைப்பார், கண்ணாடியை நம்பி வேகம் கூட்ட மாட்டார்.

இன்னும் இரண்டு இடங்களில் இது கைகொடுக்காது. நேராகக் கண்ணில் அடிக்கும் சூரியன் தளவிளைவு அடையாத ஒளி, அதைக் கண்ணாடி சாதாரண கறுப்புக் கண்ணாடி மாதிரி மங்கலாக்கும், அவ்வளவுதான். சாலையோரக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரிலிருந்து பக்கவாட்டில் தெறிக்கும் ஒளியோ செங்குத்துத் திசையில்தான் அதிகம் அதிரும். லென்ஸ் அனுமதிப்பதும் அதே திசை என்பதால் அது தாராளமாக உள்ளே வந்துவிடும்.

வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கடையிலேயே மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, இரண்டு கண்ணாடிகள். ஒன்றின் லென்ஸை இன்னொன்றின் லென்ஸுக்கு முன்னால் குறுக்காகப் பிடிக்க வேண்டும். இரண்டும் போலரைஸ்டு என்றால் 90 டிகிரியில் கிட்டத்தட்ட இருட்டாகும். சுழற்றும்போது எந்த மாற்றமும் இல்லை என்றால் இரண்டில் ஒன்றாவது வெறும் கலர் பிளாஸ்டிக்.

இரண்டு, செல்போன் திரை. எல்.சி.டி. திரையின் முன்பக்கத்தில் ஒரு தளவிளைவாக்கி இருப்பதால் அதிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிரும். கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தபடி போனை மெதுவாகச் சுழற்றினால் ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். சில போன்களில் மேலே உள்ள ஃபிலிம் அல்லது ஸ்க்ரீன் கார்டு இந்தத் திசையைக் கலைத்துவிடும். அப்போது கறுக்காமல் நிறம் மட்டும் லேசாக மாறலாம். அதை வைத்து மட்டும் கண்ணாடி போலி என்று முடிவு செய்யக் கூடாது.

மூன்று, கடையின் டைல்ஸ் தரை. தரையில் தெரியும் ஜன்னல் வெளிச்சத்தைச் சற்றுத் தள்ளி நின்று, கண் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடியைக் கையில் பிடித்து நேராகவும் குறுக்காகவும் திருப்பினால் பளபளப்பு போய்ப் போய் வர வேண்டும்.

செல்போன் சோதனையில் தெரிவதே ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கையும்கூட. மேப் பார்க்க வைத்திருக்கும் போனோ வண்டியின் டிஜிட்டல் மீட்டரோ இந்தக் கண்ணாடி வழியாக மங்கலாகவோ கறுப்பாகவோ தெரியலாம். கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. தளவிளைவுக்கும் புற ஊதாக் கதிர்ப் பாதுகாப்புக்கும் சம்பந்தம் இல்லை. லென்ஸ் பளபளப்பை வெட்டினாலும் புற ஊதாக் கதிரை விட்டுவிடலாம். கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்மணி விரிவதால், அப்படிப்பட்ட கண்ணாடி வெறும் கண்ணைவிட மோசமாகவும் ஆகலாம். UV400 என்ற குறியீட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதையும் நம்பகமான கடையில் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். எவ்வளவு நல்ல போலரைஸ்டு லென்ஸாக இருந்தாலும், சாதாரண வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அது விடவே விடாது.